தினமும் ஒரே அக்கவுண்ட்ஸ் வேலை: ரெஸ்யூமேயில் அதைச் சாதனையாக எழுதுவது எப்படி?

“திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் ஐந்து வருஷமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாக இருக்கிறேன். ரெஸ்யூமேயில் பில் என்ட்ரி, ஜிஎஸ்டி வேலை, பார்ட்டி பேமென்ட் ஃபாலோ-அப், டிடிஎஸ் என்று போட்டிருக்கிறேன். ‘வேலைப் பட்டியலாக எழுதாதே, சாதனையாக எழுது, நம்பர் போடு’ என்கிறார்கள். தினமும் செய்வதையே செய்கிறேன், இதில் சாதனை எங்கிருந்து வரும்? பொய் எழுதவும் மனசு வரவில்லை.”

பொய் எழுத வேண்டிய தேவையே வராது. உங்களுக்கு வேண்டிய நம்பர் எல்லாம் நீங்கள் தினமும் திறக்கும் டேலியிலும் ஜிஎஸ்டி போர்ட்டலிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தேடி எடுக்கத் தெரிய வேண்டும், எடுத்ததில் எவ்வளவு நிஜமாகவே உங்களுடையது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

கோயம்புத்தூரில் இருபது வருஷத்துக்கு மேலாக அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே படிக்கிற இடத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்த நாலு வேலையும் எங்களிடம் வருகிற எல்லா ரெஸ்யூமேயிலும் இருக்கும். அவை அந்த நாற்காலிக்கு உரிய வேலைகள். யார் உட்கார்ந்தாலும் செய்தாக வேண்டியவை. நீங்கள் உட்கார்ந்த பிறகு புத்தகத்தில் என்ன மாறியது என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால், எது கெடாமல் நின்றது என்று சொன்னாலும் போதும், அதுவும் சாதனையில்தான் சேரும்.

போன வருஷம் என் அக்கா மகளுக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தேன். அவளும் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்தான், கரூரில் பெட்ஷீட், டவல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி. அவள் எழுதியிருந்த ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அது எப்படி மாறியது என்று முழுதாகச் சொல்கிறேன். உங்களுடையதையும் அதே வழியில் போட்டுப் பார்க்கலாம்.

அவள் எழுதியிருந்த வரி: “ஜிஎஸ்டி தொடர்பான வேலைகளைக் கவனித்தல்.”

“தினமும் என்ன செய்கிறாய், அதைச் சொல்லு” என்றேன். “பர்ச்சேஸ் பில்லை 2பி-யோடு டேலி பண்ணுவேன் மாமா, வராத பார்ட்டிக்கு போன் பண்ணுவேன்” என்றாள். நாம் எல்லோரும் செய்வதுதான். சப்ளையர் தன் ஜிஎஸ்டிஆர்-1-ஐப் பதினோராம் தேதிக்குள் போட வேண்டும். பதினான்காம் தேதி நமக்கு ஜிஎஸ்டிஆர்-2பி வரும். அதில் வராத பில்லுக்கு நாம் இன்புட் எடுக்க முடியாது. 2022 ஜனவரியிலிருந்து விதி அப்படித்தான். இருபதாம் தேதிக்குள் நம் 3பி போட வேண்டும். சப்ளையர் ஒருவர் பில்லை ஏற்றாமல் விட்டால் அந்த வரியை அந்த மாதம் நாம் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

“உனக்கு முன்னால் இதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியை யாரும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்வதில்லை. அவளுக்கு முன்னால் இருந்தவர் வருஷத்துக்கு ஒரு முறைதான் ஒப்பிட்டிருக்கிறார். போன நிதியாண்டின் இன்புட்டை எடுக்க நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது என்பதால், அக்டோபரில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து கேட்கும்போது மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பார். 2023 ஏப்ரலில் வேலை இவள் கைக்கு வந்ததும் மாதாமாதம் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ஆறு மாதத்துக்கு முந்தைய பில்லைப் பற்றி சப்ளையரிடம் பேசினால் அவருக்கே ஞாபகம் இருப்பதில்லை, அதனால் செய்தேன் என்றாள்.

“கவனித்தல்” என்று எழுதியிருந்த வரிக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது. இல்லாத ஒரு நடைமுறையை ஆரம்பித்து வைத்திருக்கிறாள், அது அவளுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அப்புறம் நம்பர். மாதாமாதம் ஒப்பிட்ட எக்செல் ஃபைலை அவள் ஆடிட்டருக்கு ஆபீஸ் மெயிலில் அனுப்பியிருந்தாள், அதனால் எல்லாம் தேதியோடு இருந்தது. மாதம் சுமார் 350 பர்ச்சேஸ் பில். 2023 மே மாதக் கணக்கில், புத்தகத்தில் பதிவாகியும் 2பி-யில் வராமல் நின்ற வரி ரூ.4.6 லட்சம். 2024 மார்ச் கணக்கில் அதே தொகை ரூ.60 ஆயிரம். அவளுக்கு ஒரே சந்தோஷம். உடனே எழுதினாள்: “வராமல் நின்ற இன்புட்டை 4.6 லட்சத்திலிருந்து 60 ஆயிரமாகக் குறைத்தேன்.”

நான் அங்கே நிறுத்தச் சொன்னேன். மே மாத லிஸ்ட்டில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுபவர்கள் என்று பார்க்கச் சொன்னேன். கரூரில் தைத்துக் கொடுப்பவர், சாயம் போடுபவர், பேக்கிங் செய்பவர் என்று நிறையப் பேர் சின்ன யூனிட்கள். வருஷ விற்றுமுதல் ஐந்து கோடிக்குள் இருப்பவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் வரும் இரண்டு மாதத்துக்கும் பில்லை ஏற்ற ஒரு வசதி உண்டு, ஆனால் அது கட்டாயமில்லை. ஏற்றாதவர்களின் மே மாத பில் எல்லாம் ஜூன் மாத 2பி-யில்தான் வரும். இவள் போன் பண்ணினாலும் வரும், பண்ணாவிட்டாலும் வரும். பார்த்ததில் 4.6 லட்சத்தில் ஒன்றரை லட்சம் அப்படி.

மார்ச் என்பது காலாண்டின் கடைசி மாதம், அதில் இந்தத் தொங்கல் இருக்காது. மே மாதத்தையும் மார்ச்சையும் பக்கத்தில் வைத்தால் குறைவு பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு பகுதி காலண்டர் செய்த வேலை. ஜூனையும் மார்ச்சையும் வைத்தால் இரண்டுமே காலாண்டுக் கடைசி, ஒப்பீடு சரியாக இருக்கும். ஜூன் 2023 கணக்கில் நின்றது ரூ.3.1 லட்சம்.

4.6-ஐ 3.1 ஆக மாற்றும்போது அவளுக்கு முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் இதைச் செய்யாமல் விட்டிருந்தால், ஜிஎஸ்டி தெரிந்த ஒருவர் நேர்காணலில் “மே மாதத்தில் காலாண்டு பார்ட்டிகள் எவ்வளவு?” என்று ஒரு கேள்வி கேட்டால் அந்த வரி முழுதும் சரிந்துவிடும். இப்போது அதே கேள்வி வந்தால், “அதனால்தான் ஜூனை எடுத்தேன்” என்று அவளால் சொல்ல முடியும். அந்தப் பதிலுக்காகவே வேலை கிடைக்கும் என்று நான் நினைக்கிறேன்.

நம்பர் குறைந்ததற்குக் காரணம் என்ன என்றும் கேட்டேன். இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. ஒன்று, அவள் பதினான்காம் தேதி 2பி வந்த பிறகு போன் பண்ணுவதை விட்டுவிட்டு, எட்டாம் தேதியே சப்ளையர்களுக்கு அவர்களுடைய பில் லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்திருக்கிறாள். பதினொன்றுக்குள் அவர்கள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும் என்பதால், எட்டாம் தேதி நினைவூட்டினால் அந்த மாதமே பில் வந்துவிடும். பதினான்காம் தேதிக்குப் பிறகு சொன்னால் அடுத்த மாதம்தான். இரண்டாவது, பில் 2பி-யில் தெரியும் வரை பேமென்ட்டில் ஜிஎஸ்டி பகுதியை மட்டும் நிறுத்தி வைப்பது என்று மேனேஜர் ஒரு முடிவெடுத்திருக்கிறார். இதற்கான லிஸ்ட் கொடுத்தது அவள், முடிவு அவளுடையது இல்லை.

ஆக, எட்டாம் தேதி லிஸ்ட்டை “நான் ஆரம்பித்தேன்” என்று எழுதலாம். பேமென்ட் நிறுத்தி வைத்ததை அப்படி எழுதக் கூடாது. கடைசியில் நின்ற வரி இது:

“மாதம் சுமார் 350 பர்ச்சேஸ் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் மாதாமாதம் ஒப்பிடும் முறையைத் தொடங்கி, தாக்கல் தேதிக்கு முன்பே சப்ளையர்களுக்கு பில் பட்டியல் அனுப்பி, வராமல் நின்ற இன்புட் வரியை 9 மாதத்தில் ரூ.3.1 லட்சத்திலிருந்து ரூ.60 ஆயிரமாகக் குறைத்தேன் (ஜூன் 2023 – மார்ச் 2024).”

இதில் வேலையின் அளவு இருக்கிறது, அவள் செய்த காரியம் இருக்கிறது, முன்னும் பின்னும் இருக்கிறது, காலம் இருக்கிறது. “80 சதவீதம் குறைத்தேன்” என்று எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருவார்கள். நான் அதை விரும்புவதில்லை. சதவீதம் மட்டும் இருந்தால் பத்தாயிரம் இரண்டாயிரமாகக் குறைந்ததா, பத்து லட்சம் இரண்டு லட்சமாகக் குறைந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது. இரண்டு முனையும் தெரிந்தால் இரண்டையும் போடுங்கள். கம்பெனியின் தொகை வெளியே தெரியக் கூடாது என்றால் மட்டும் சதவீதத்துக்குப் போங்கள், அப்போது பில் எண்ணிக்கை மாதிரி வேறு ஏதாவது ஓர் அளவைக் கூடவே கொடுங்கள்.

வினைச்சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலமான வினைச்சொல் போடுங்கள் என்று சொல்லும்போது நிறையப் பேர் அகராதியைத் திறந்து பெரிய வார்த்தையாகத் தேடுகிறார்கள். ரெஸ்யூமேயை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், ஆங்கில ரெஸ்யூமே வரியில் அதுதான் முதல் வார்த்தை. அதனால் என்ன எழுதுவது என்று தெரியாமல் “ரெஸ்பான்சிபிள் ஃபார்”, “ஹேண்டில்டு”, “இன்வால்வ்டு இன்” என்று ஆரம்பித்துவிடுகிறோம். மூன்றுமே நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள் என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை.

நான் சொல்லும் வழி இது: வரியை முதலில் தமிழில் முழுதாக எழுதுங்கள், உங்கள் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி. தமிழில் கடைசியில் எந்த வினைச்சொல் வந்து நிற்கிறதோ அதை எடுத்து ஆங்கிலத்தில் முதலில் வையுங்கள். “குறைத்தேன்” என்று முடிந்தால் ரெட்யூஸ்டு. “திரும்ப வாங்கினேன்” என்றால் ரிகவர்டு. “கண்டுபிடித்தேன்” என்றால் டிடெக்டட். “புதுசாக ஆரம்பித்தேன்” என்றால் இன்ட்ரொட்யூஸ்டு. “கற்றுக்கொடுத்தேன்” என்றால் ட்ரெய்ன்டு. தமிழில் “பார்த்துக்கொண்டேன்” என்றுதான் வருகிறது என்றால், வினைச்சொல்லை மாற்றி ஒன்றும் ஆகாது. அந்த வேலையில் என்ன நடந்தது என்று நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய் முன்னால் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

வினைச்சொல் உங்கள் அதிகாரத்தைத் தாண்டவும் கூடாது. நம் தொழிலில் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ரிட்டர்னுக்கான கணக்கை நீங்கள் தயார் செய்து கொடுத்து, ஆடிட்டர் ஆபீஸில் தாக்கல் செய்கிறார்கள் என்றால் நீங்கள் எழுத வேண்டியது “தயாரித்தேன்”, அதாவது ப்ரிபேர்டு. “ஃபைல்டு” என்று எழுதிவிட்டு, நேர்காணலில் “ஓடிபி யாருக்கு வரும்?” என்று கேட்டவுடன் விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். “லெட்”, “மேனேஜ்டு” என்பதெல்லாம் உங்கள் கீழே ஆள் இருந்தால் மட்டும், எத்தனை பேர் என்ற எண்ணோடு.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். அதில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது பார்ட்டி பேமென்ட் ஃபாலோ-அப். பணம் சம்பந்தப்பட்டது, முன் பின் ரெண்டும் டேலியிலேயே கிடைக்கும். பில்வாரியாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால், அவுட்ஸ்டாண்டிங் ரிப்போர்ட்டைத் திறந்து தேதியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் 31 அன்று எவ்வளவு பாக்கி நின்றது, அதில் 90 நாளைத் தாண்டியது எவ்வளவு என்று பாருங்கள். பிறகு போன மார்ச் 31-க்கும் அதையே பாருங்கள். இரண்டு மார்ச்சையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் அக்கா மகள் கதையில் சொன்னதுதான். பின்னலாடையில் சீசன் உண்டு; தீபாவளிக்குச் சரக்கு போன மாதத்தையும் சரக்கே போகாத மாதத்தையும் ஒப்பிட்டால் உங்கள் உழைப்பு தெரியாது, சீசன்தான் தெரியும்.

மொத்த பாக்கியைவிட 90 நாளைத் தாண்டிய பாக்கி நல்ல அளவு. விற்பனை கூடினால் மொத்த பாக்கி கூடத்தான் செய்யும், அதில் உங்கள் தவறும் இல்லை, பெருமையும் இல்லை. பழைய பாக்கி குறைவது யாரோ விடாமல் துரத்தியதால்தான் நடக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த இடைப்பட்ட காலத்தில் வராக்கடனாகத் தள்ளுபடி செய்த தொகை ஏதாவது இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். தள்ளுபடி செய்தாலும் பாக்கி குறையும், ஆனால் அது வசூல் இல்லை.

அடுத்து, உங்கள் பங்கு என்ன என்று பிரியுங்கள். வசூலில் சேல்ஸ் ஆட்களுக்கும் முதலாளிக்கும் பங்கு இருக்கும். போன் பண்ணிக் கேட்டது எல்லோரும்தான். ஆனால் பின்னலாடையில் பணம் நிற்பதற்குப் பாதி காரணம் தகராறுதான் என்பது உங்களுக்கே தெரியும்: ரேட் வித்தியாசம், பீஸ் குறைவு, பார்ட்டி பிடித்த டெபிட் நோட்டுக்கு நாம் பதில் சொல்லாதது. அந்தத் தகராறைத் தீர்க்க டெலிவரி சலானையும் பில்லையும் எடுத்து வைத்து உட்கார்ந்தது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும். அப்படியென்றால் உங்கள் வரி இந்த மாதிரி வரும், எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

“45 உள்நாட்டு வாடிக்கையாளர்களுக்கு வாராவாரம் பாக்கி விவரம் அனுப்பி, நிலுவையில் இருந்த 30 டெபிட் நோட் தகராறுகளைத் தீர்த்து, 90 நாளைத் தாண்டிய பாக்கி ரூ.22 லட்சத்திலிருந்து ரூ.9 லட்சமாகக் குறைய சேல்ஸ் குழுவுடன் இணைந்து வழிசெய்தேன்.”

“சேல்ஸ் குழுவுடன் இணைந்து” என்று போட்டால் உங்கள் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். தனியாக 13 லட்சம் வசூலித்தேன் என்று ஒரு அசிஸ்டென்ட் எழுதினால்தான் நாங்கள் சந்தேகப்படுவோம். தகராறைத் தீர்த்தது முழுக்க உங்களுடையது, அது அந்த வரியிலேயே தெளிவாக நிற்கிறது.

டிடிஎஸ் மாதிரி வேலையில் முன் பின் கிடைக்காது. மாதாமாதம் கெடு தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டினீர்கள், அவ்வளவுதான். இதில் குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை. இங்கேதான் “தினமும் ஒரே வேலை” என்கிற சோர்வு வருகிறது. ஆனால் ஐந்து வருஷம் என்றால் 60 மாதம். அந்த அறுபதிலும் ஒரு முறைகூடத் தாமத வட்டி கட்டவில்லை என்றால் அது எழுத வேண்டிய விஷயம். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். தாமதமாக 3பி போட்டால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி என்பதையெல்லாம் அனுபவித்து முடித்தவர்கள்தான் புது ஆளைத் தேடுகிறார்கள்.

“கட்டினேன்” என்பதைவிட இங்கே “தவறாமல்” என்பதுதான் செய்தி. “5 வருடத்தில் 60 மாத டிடிஎஸ் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டினேன், தாமத வட்டி எதுவும் இல்லை.” எழுதும் முன் ஒவ்வொரு சலானின் தேதியையும் உண்மையிலேயே பார்த்துவிடுங்கள். நம் ஞாபகத்தில் ஒரு முறைகூடத் தவறியிருக்காது, சலானில் தவறியிருக்கும். ஜிஎஸ்டி பற்றி இப்படி எழுதினால் இன்னும் கவனம் தேவை. ஒரு கம்பெனியின் ஜிஎஸ்டி நம்பர் தெரிந்தால் போதும், போர்ட்டலில் லாகின் இல்லாமலே யார் வேண்டுமானாலும் எந்த மாத ரிட்டர்னை எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் தவறியிருந்தால் “60-இல் 58” என்று எழுதுங்கள், அதற்கு ஒரு காரணம் வைத்திருங்கள். 58 என்று எழுதியவரை நான் 60 என்று எழுதியவரைவிட அதிகம் நம்புவேன்.

பில் என்ட்ரியை இழுத்து நீட்ட வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பில், எத்தனை பார்ட்டி என்ற அளவை மட்டும் வேலையின் தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் கொடுத்தால் போதும். அந்த வேலையில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போக இருந்ததைப் பிடித்தீர்களா, டூப்ளிகேட் பில் கண்டுபிடித்தீர்களா? இருந்தால் அதுதான் சாதனை வரி, என்ட்ரி இல்லை. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எல்லா வேலையையும் சாதனையாக்கியே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இப்போதைய வேலைக்கு நாலைந்து நல்ல வரி, அதற்கு முந்தைய வேலை இருந்தால் இரண்டு, போதும்.

அதே சமயம் டேலி, டிடிஎஸ், ஜிஎஸ்டிஆர்-2பி, பேங்க் ரெகன்சிலியேஷன் என்ற பெயர்களை ரெஸ்யூமேயிலிருந்து தூக்கிவிடாதீர்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடுபவர்கள் இந்த வார்த்தைகளைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். சாதனை வரிக்குள்ளேயே அவை இயல்பாக வந்துவிட்டால் நல்லது. வராததைக் கடைசியில் திறன்கள் என்ற பகுதியில் வையுங்கள்.

நம்பரே எடுத்து வைக்கவில்லையே என்றால், அளவை மதிப்பிடலாம், ஆனால் மாற்றத்தை மதிப்பிடக் கூடாது. ஒரு வாரம் பில்லை எண்ணி, மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு “சுமார்” என்று எழுதுவது நியாயம். “40 சதவீதம் நேரத்தை மிச்சப்படுத்தினேன்” என்று உத்தேசமாக எழுதுவது நியாயமில்லை. முன்னால் எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ஒரு பையன் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தான். “எதில் 40?” என்று கேட்டேன். மாத முடிவு கணக்கில் என்றான். முன்னால் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டேன். பத்தாம் தேதி வாக்கில் முடியும், இப்போது ஆறாம் தேதியே முடித்துவிடுகிறோம் என்றான். “மாத முடிவுக் கணக்கை 10-ஆம் தேதியிலிருந்து 6-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தேன்” என்று அவன் எழுதியிருந்தால் நானே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அவனிடம் உண்மையான சாதனை கையில் இருந்தது, அதை ஒரு பொய்யான சதவீதத்துக்குள் மறைத்துவிட்டான்.

நாள் கணக்கு இப்படி நமக்கு நன்றாக உதவும். எந்தத் தேதியில் கணக்கு முடிந்தது என்பது ஆடிட்டருக்கோ முதலாளிக்கோ போன மெயிலின் தேதியிலேயே இருக்கும். சதவீதம் போடும் முன் மெயில் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

இந்த நம்பர்களை எடுக்கும்போது கம்பெனி ஃபைலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது தப்பு, பின்னால் பிரச்சினையும் ஆகும். ஒரு நோட்டில் தேதி போட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். ரெஸ்யூமேயில் பார்ட்டி பெயரோ கம்பெனியின் விற்றுமுதலோ வரக் கூடாது. எங்களிடம் வரும்போது பழைய கம்பெனியின் கணக்கைக் கொட்டுபவர், நாளைக்கு எங்கள் கணக்கையும் வேறு எங்கோ கொட்டுவார் என்றுதான் நினைப்போம்.

எழுதி முடித்த ஒவ்வொரு வரியையும் வீட்டில் யாரையாவது உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முன்னால் எவ்வளவு இருந்தது? இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய்? இதில் நீ செய்தது எது, மற்றவர்கள் செய்தது எது? மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் அந்த வரி இருக்கட்டும். தடுமாறினால் எண்ணைக் குறைத்தோ வினைச்சொல்லை இறக்கியோ எழுதுங்கள். அக்கா மகளிடம் நான் இப்படிக் கேட்டதில் ஆறு வரி நாலாகக் குறைந்தது. நேர்காணலில் அவளிடம் ஜூன்–மார்ச் வரியைப் பற்றி மட்டுமே இருபது நிமிஷம் பேசியிருக்கிறார்கள், மற்ற மூன்றையும் தொடவே இல்லையாம்.

முதலில் பேமென்ட் ஃபாலோ-அப்பை எடுங்கள். இரண்டு மார்ச் 31-க்கும் 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பார்த்து, தள்ளுபடி இருந்தால் கழித்து, டெபிட் நோட் எத்தனை தீர்த்தீர்கள் என்று எண்ணி இங்கே கீழே எழுதுங்கள், தொகையை வேண்டுமானால் மாற்றிப் போடுங்கள். வரியை எப்படி அமைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.